'கொஞ்சம் குறைச்சு எழுது' என்றால் எதைக் குறைப்பது?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்துக்குள் நாலு அறை கட்டி விருந்தினர்களைத் தங்க வைக்கிறோம். இன்ஸ்டாகிராமில் போடும் படங்களுக்கு என் அக்கா மகன்தான் கேப்ஷன் எழுதித் தருகிறான். எல்லாம் சினிமா டிரெய்லர் மாதிரி இருக்கிறது. "டிராமா வேண்டாம் கண்ணு" என்று சொன்னால், அடுத்தது வறண்டு போய் வருகிறது. டிராமா குறையணும், அன்பு குறையக் கூடாது. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? இரண்டு கேப்ஷனையும் அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: உங்கள் அக்கா மகனுக்கு எழுத வருகிறது. உங்களிடமிருந்து போன குறிப்பில்தான் விவரம் போதவில்லை. மற்ற வாசகர்களுக்காக முதல் கேப்ஷனை இங்கே தருகிறேன்:

"சொர்க்கம் எங்கே என்று தேடுகிறீர்களா? இதோ! ஒரே ஒரு மழை… ஒட்டுமொத்த சேர்வராயன் மலையும் வெண்பட்டு உடுத்திய தேவதையாகிவிட்டது! உயிரை உருக்கும் இந்தக் காபிப்பூ வாசனை எங்கள் வீட்டுத் திண்ணை வரை வருகிறது… வாழ்வில் ஒருமுறையாவது வாருங்கள்!"

நீங்கள் சொன்ன பிறகு வந்தது இது: "ஏற்காட்டில் காபி பூக்கும் பருவம் தொடங்கியுள்ளது. தங்கும் அறைகள் உள்ளன. முன்பதிவுக்குத் தொடர்பு கொள்ளவும்."

இரண்டாவதில் என்னென்ன காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். தேவதை போயிற்று, ஆச்சரியக்குறிகள் போயின. சரி. ஆனால் கூடவே 'எங்கள் வீட்டுத் திண்ணை'யும் போய்விட்டது, 'வாருங்கள்' என்ற அழைப்பும் போய்விட்டது. 'டிராமா வேண்டாம்' என்று மட்டும் கேட்ட பையன், உணர்ச்சி தெரிகிற எல்லாவற்றையும் சேர்த்துத் துடைத்துவிட்டான். அவனுடைய கண்ணில் தேவதையும் திண்ணையும் ஒரே வகை. அவை வேறு வேறு என்று காட்டிக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.

இந்தக் கேப்ஷனில் டிராமா எங்கே இருக்கிறது? விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற முதல் கேள்வியில், முற்றுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று புள்ளிகளில், 'ஒட்டுமொத்த', 'உயிரை உருக்கும்', 'வாழ்வில் ஒருமுறையாவது' போன்ற அளவுச் சொற்களில். அன்பு இருப்பது வேறு இடத்தில். பேசுகிறவர் யாரென்று தெரிவதில் இருக்கிறது, திண்ணையில் இருக்கிறது, கடைசியில் கூப்பிடுவதில் இருக்கிறது. ஒன்றைத் தொடாமல் இன்னொன்றை எடுக்க முடியும். அதனால் குறிப்புச் சொல்லும்போது 'டோன்', 'ஃபீல்', 'கிளாஸா', 'நேச்சுரலா' என்று மொத்தமாகப் பேசாமல், வரியைக் காட்டிப் பேசுங்கள்.

எதை எடுக்க வேண்டும் என்பதற்கு முன்னால், எதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். திருத்துகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வதோடு எங்கே நிற்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். அதற்கு அவனுடைய இரண்டாவது கேப்ஷனே கைவசம் இருக்கிறது. 'இதற்குக் கீழே இறங்காதே' என்று அதைக் காட்டினால் போதும். அளவு சொல்ல 'கொஞ்சம்', 'பாதி' எல்லாம் உதவாது. யாரிடம் பேசுவது போல இருக்க வேண்டும் என்று ஓர் ஆளைச் சொல்லுங்கள். நானாக இருந்தால் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புவேன்:

"கண்ணு, திண்ணை வரைக்கும் வாசனை வருதுன்னு எழுதினது நல்லாருக்கு, அதைத் தொடாதே. முதல் கேள்வியை எடுத்துடு. தேவதையும் உயிரை உருக்குறதும் வேண்டாம், அந்த இடத்துல நீ தோட்டத்துல என்ன பார்த்தியோ அதைச் சொல்லு. ஆச்சரியக்குறி, மூணு புள்ளி ரெண்டும் வேண்டாம். கடைசியா கூப்பிடறது, போன வருஷம் வந்து தங்கிட்டுப் போன குடும்பத்துக்கிட்ட சித்தி போன்ல பேசற மாதிரி இருக்கட்டும். ஆனா 'தொடர்பு கொள்ளவும்' அளவுக்கு இறங்கிடாதே."

இதில் 'என்ன பார்த்தியோ அதைச் சொல்லு' என்ற இடம் முக்கியம். வெறுமனே 'எடுத்துடு' என்றால் அங்கே ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்க அவன் இன்னொரு தேவதையைக் கொண்டு வருவான், இல்லையென்றால் வறட்சிக்குத் திரும்புவான். போட வேண்டிய சரக்கு தோட்டத்திலேயே இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததில்லை: மார்ச், ஏப்ரலில் நல்ல மழை ஒன்று விழுந்தால் சுமார் ஒன்பது, பத்து நாளில் செடி பூத்துவிடும். கிளை நெடுக, இலை கிளம்புகிற கணுக்களில் வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருக்கும். வாசனை மல்லிகையை ஒட்டி இருக்கும். இரண்டு மூன்று நாளில் வாடி உதிரும். சில்வர் ஓக் நிழலுக்கு அடியில் இருக்கிற செடி என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் மலை வெள்ளையாகத் தெரியாது. ஆக, 'ஒட்டுமொத்த மலையும்' என்பது தொனியில் மட்டுமல்ல, விஷயத்திலும் பிசகு. அதைத் தொனிக் குறிப்பாகச் சொல்லாமல் 'இது உண்மையில்லை, நம்ம தோட்டம் என்று போடு' என்றே சொல்லிவிடலாம். வாதமே வராது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 'ரெண்டு மூணு நாள்ல உதிர்ந்துடும்' என்று எழுதினால் அவசரப்படுத்துவது போலத்தான் இருக்கும். ஆனால் அது நடப்பது, அதனால் இருக்கட்டும். விஷயத்தைவிடச் சொல் பெரிதாகும்போதுதான் படிக்கிறவருக்கு டிராமா என்று படுகிறது. விஷயமே அவசரமானது என்றால் சாதாரணச் சொல்லில் சொன்னாலே போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தக் குறிப்புக்குக் கிட்டத்தட்ட இப்படி ஒன்று வரலாம்: "போன வாரம் பெய்த மழைக்கு எங்க தோட்டத்துக் காபிச் செடியெல்லாம் பூத்திருக்கு. வாசனை திண்ணை வரைக்கும் வருது. ரெண்டு மூணு நாள்ல உதிர்ந்துடும். அதுக்குள்ள வந்தீங்கன்னா காலைல காபி குடிச்சுட்டே பார்க்கலாம். எங்கள் இல்லம் உங்களுக்காக வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கிறது."

கடைசி வரியில் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார், கவனித்தீர்களா? எழுதுகிறவர்களுக்கு முடிவு வந்தாலே கை பரபரக்கும். இப்போது முழுக் குறிப்பையும் மறுபடி அனுப்பாதீர்கள். அனுப்பினால் நன்றாக இருக்கும் நாலு வரியையும் சேர்த்து மாற்றுவான். 'மேலே எல்லாம் அப்படியே இருக்கட்டும். கடைசி வரி மட்டும் சித்தி பேசற மாதிரி இல்லை' என்றால் போதும். அந்த இடத்தில் வெறும் 'வாங்க' வந்தாலே வேலை முடிந்தது. அதற்கும் கேட்கவில்லையென்றால் அந்த ஒரு வரியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வரிக்காக நாலு முறை தகவல் அனுப்பினால் பையனுக்கும் சலித்துவிடும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, வாசலில் வந்து இறங்குகிற விருந்தினர் முகத்தைப் பார்த்து அதை அப்படியே வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் இன்னும் டிராமா இருக்கிறது. சொன்ன பிறகு அவர் 'சரி, அறை எங்கே?' என்றுதான் கேட்பார் என்று தோன்றினால் அன்பு போதவில்லை.

படத்தையும் ஒரு தடவை பாருங்கள். ஃபில்டர் போட்டுப் பச்சையை ஏகத்துக்கும் ஏற்றிய படத்துக்குக் கீழே இந்த அடக்கமான கேப்ஷன் ஒட்டாது. அப்போது கேப்ஷனை விட்டுவிட்டு ஃபில்டரை எடுக்கச் சொல்லுங்கள்.

மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்குப் போடுகிற பதிவுக்கு இதே குறிப்பைக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே படிப்பவர் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் அறை இருக்குமா, வண்டி நிறுத்த இடம் இருக்குமா என்று பார்க்கிறவர். அதற்கு அந்த இரண்டாவது கேப்ஷனையே எடுத்து, 'உள்ளன' என்பதை 'இருக்குங்க' என்று மாற்றினால் ஏறக்குறைய சரியாகிவிடும்.