ஓவரால் 7 வந்தும் ரைட்டிங் 6 என்றால்

“அக்கா, கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மாஸ்டர்ஸ் படிக்க ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுதினேன், கம்ப்யூட்டரில்தான். லிசனிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 6.5, ஓவரால் 7. கோர்ஸ் பக்கத்தில் ‘ஓவரால் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையக் கூடாது’ என்று போட்டிருக்கிறார்கள். தேர்வு எழுதிப் பத்து நாள் ஆகிறது, விண்ணப்பிக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஓவரால்தான் வந்துவிட்டதே, இதை வைத்தே போடலாமா? மறுபடி எழுத வேண்டுமா?”

விண்ணப்பத்தை இப்போதே போடலாம். ஆனால் இந்த ஸ்கோரை வைத்து மட்டும் இடம் உறுதியாகாது. ரைட்டிங்கை மறுபடி எழுதத்தான் வேண்டியிருக்கும். நாலு பிரிவையும் எழுத வேண்டுமா, அந்த ஒன்றை மட்டுமா என்பதில்தான் உங்கள் கேள்வியின் உயிர் இருக்கிறது. நான் பல வருடமாக இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்களுடையதைப் போன்ற ரிப்போர்ட்டுகள் ஒவ்வொரு சீசனிலும் மேசைக்கு வரும்.

முதலில் அந்த ஓவரால் 7 எப்படி வந்தது என்று பாருங்கள். நாலையும் கூட்டினால் 27, நாலால் வகுத்தால் 6.75. சராசரி .75இல் முடிந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றுவார்கள், .25இல் முடிந்தால் அடுத்த அரைக்கு. அதனால் உங்களுக்கு 7 கிடைத்திருக்கிறது. கூட்டுத்தொகை அரை குறைந்து 26.5 ஆகியிருந்தால் சராசரி 6.625, ஓவரால் 6.5 ஆகியிருக்கும். ஆக, நீங்கள் 7இன் வாசற்படியில் நிற்கிறீர்கள், உள்ளே வந்து உட்காரவில்லை. ரிப்போர்ட்டில் பெரிய எழுத்தில் 7 என்று பார்க்கும்போது இது கண்ணில் படாது.

இரண்டாவது, எங்களைப் போன்ற அலுவலகங்களில் பிரிவு வாரியான வரம்பை எப்படிப் பார்க்கிறோம் என்பது. அதில் யோசனைக்கு இடமே இல்லை. நாலு எண்ணையும் நாலு வரம்போடு ஒப்பிடுவோம். ஒன்று குறைந்தால் ‘ஆங்கிலத் தகுதி பூர்த்தியாகவில்லை’ என்று குறித்துவிடுவோம். லிசனிங்கில் கூடுதலாக இருக்கும் ஒரு பேண்ட் மதிப்பெண்ணை எடுத்து ரைட்டிங்கில் இருக்கும் குறையில் நிரப்ப முடியாது. ‘ஓவரால் வந்துவிட்டதே’ என்று எழுதி வரும் மின்னஞ்சல்களுக்கு நாங்கள் அனுப்பும் பதில் ஒரே வரிதான்.

ஆனால் தகுதி பூர்த்தியாகவில்லை என்றால் விண்ணப்பம் தூக்கிப் போடப்படும் என்று அர்த்தமில்லை. டிகிரி மதிப்பெண், பரிந்துரைக் கடிதம் எல்லாம் சரியாக இருந்தால் பல இடங்களில் ‘கண்டிஷனல் ஆஃபர்’ கொடுப்பார்கள். குறிப்பிட்ட தேதிக்குள் ரைட்டிங் 6.5 கொண்டு வந்தால் இடம் உறுதி என்பதுதான் அந்த நிபந்தனையாக இருக்கும். அதனால் ஸ்கோர் சரியாகட்டும் என்று விண்ணப்பத்தைக் கிடப்பில் போடாதீர்கள். சில கோர்ஸ்களில் இடம் நிரம்பியதும் கதவை மூடிவிடுவார்கள், கடைசித் தேதி அதற்குப் பிறகுதான் வரும்.

இப்போது மறுதேர்வுக்கு வருவோம். முழுத் தேர்வையும் திரும்ப எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். நன்றாகத் தயாராகி ரைட்டிங்கில் 6.5 வாங்கிவிட்டீர்கள். மற்ற மூன்றும் அப்படியே நின்றால் கூட்டுத்தொகை 27.5, சிக்கல் இல்லை. ஆனால் மூன்றும் அப்படியே நிற்குமா? லிசனிங்கிலும் ரீடிங்கிலும் நாற்பது நாற்பது கேள்விகள். சுமார் 30 சரியாக இருந்தால் 7, சுமார் 35க்கு 8. அப்படியென்றால் அரை பேண்ட் என்பது இரண்டு மூன்று கேள்விதான். ஒரு ஒலிப்பதிவில் கவனம் சிதறி இரண்டு பதில்களைத் தவறவிட்டால் 7.5 என்பது 7 ஆகிவிடும். அதோடு நின்றால் கூட்டுத்தொகை 27, தப்பித்தீர்கள். ரீடிங்கும் அரை குறைந்தால் 26.5, ஓவரால் 6.5. போன முறை இருந்த ஓவராலை இழந்துவிட்டு, போன முறை இல்லாத ரைட்டிங்கை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். இரண்டு ரிப்போர்ட்டிலிருந்தும் நல்லதை மட்டும் பொறுக்கிச் சேர்த்துக் கொடுக்கலாமா என்றால், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒரே அமர்வின் நாலு எண்களைத்தான் ஏற்கும்.

இதைவிட எனக்கு உறுத்துவது உங்கள் ஸ்பீக்கிங். அது 6.5, அதாவது சரியாக வரம்பில் நிற்கிறது. அரை குறைந்தால் மற்ற மூன்றும் எப்படி இருந்தாலும் ரிப்போர்ட் பயன்படாது. ஒரு பிரிவைச் சரிசெய்யப் போய் மூன்று பிரிவுகளைப் பணயம் வைப்பது உங்கள் கணக்கில் கட்டுப்படியாகாது.

உங்களுக்குப் பொருந்துவது ‘ஒன் ஸ்கில் ரீடேக்’. நாலில் ஏதாவது ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதும் வசதி. முதல் தேர்வைக் கம்ப்யூட்டரில் எழுதியவர்களுக்குத்தான் உண்டு. முதல் தேர்வு நடந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும். ஒரு தேர்வுக்கு ஒரு முறைதான். எல்லா நாட்டிலும் எல்லா மையத்திலும் கிடைக்காது, உங்கள் மையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதி முடித்ததும் புது ரிப்போர்ட் வரும். அதில் புது ரைட்டிங் எண்ணும் பழைய மூன்று எண்களும் இருக்கும். உங்களுக்கு 6.5 வந்தால் 7.5, 7, 6.5, 6.5, ஓவரால் 7. குறைந்துவிட்டாலும் நஷ்டமில்லை, பழைய ரிப்போர்ட் செல்லும், எதைக் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

இதில் ஒரு முள் இருக்கிறது. இந்த ரீடேக் ரிப்போர்ட்டை ஏற்பதா வேண்டாமா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம். பணம் கட்டும் முன் அட்மிஷன் அலுவலகத்துக்கு இரண்டே கேள்விகளோடு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்தக் கோர்ஸுக்கு ஒன் ஸ்கில் ரீடேக் ரிப்போர்ட்டை ஏற்கிறீர்களா? ஆங்கில ஸ்கோரை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும்? கோர்ஸ் பெயரையும் விண்ணப்ப எண்ணையும் தலைப்பிலேயே போட்டால் பதில் சீக்கிரம் வரும் (நீளமாகக் கதை எழுதினால் அந்த மின்னஞ்சல் அடுத்தவர் மேசைக்குப் போகும், அனுபவத்தில் சொல்கிறேன்). ஸ்டூடண்ட் விசாவுக்கு மாறப் போகிறீர்கள் என்றால் விசா அலுவலகத்தின் விதியைத் தனியாகப் பாருங்கள். பல்கலைக்கழகம் ஏற்றதை அவர்கள் ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மறுமதிப்பீடு கேட்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ‘என்குயரி ஆன் ரிசல்ட்ஸ்’ என்று பெயர். தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், பேண்ட் கூடினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். லிசனிங், ரீடிங்குக்கு இதைக் கேட்பது பெரும்பாலும் வீண், அவற்றுக்கு விடைப்பட்டியல் இருக்கிறது. ரைட்டிங்கை மனிதர் மதிப்பிடுவதால் அங்கே எண் மாற இடமுண்டு. ஆனால் உங்கள் கட்டுரையை நினைத்துப் பார்த்து நேர்மையாக முடிவு செய்யுங்கள். இரண்டாவது டாஸ்க்கை முழுசாக முடித்தீர்களா? 250 வார்த்தை தாண்டியதா? கேள்வி இரு தரப்பையும் அலசச் சொல்லியிருக்க நீங்கள் ஒரு தரப்பை மட்டும் எழுதினீர்களா? இவற்றில் எங்காவது இடறியிருந்தால் இன்னொருவர் படித்தாலும் 6தான் வரும். மூன்றும் சரி, பயிற்சித் தேர்வுகளை ஆசிரியர் யாராவது திருத்தி 7 கொடுத்துக்கொண்டிருந்தார் என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

கேட்பதாக இருந்தால் இன்றே கேளுங்கள். மறுமதிப்பீட்டு முடிவு சில நாளிலும் வரலாம், மூன்று வாரமும் ஆகலாம். பத்தாவது நாளில் இருக்கிறீர்கள். இப்போது விண்ணப்பித்தால் மோசமான கணக்கில்கூட முப்பத்தொன்றாவது நாளில் பதில் வரும், ரீடேக்குக்குக் கிட்டத்தட்ட நாலு வாரம் மிஞ்சும். ஆறு வாரம் இருக்கிறதே என்று நாற்பதாவது நாளில் விண்ணப்பித்தால், பதில் வருவதற்குள் 60 நாள் ஓடிவிடலாம். அப்படி ஓடிவிட்டால் முழுத் தேர்வைத் தவிர வேறு வழி இருக்காது.

ரைட்டிங் 6இலிருந்து 6.5க்குப் போக என்ன செய்வது? ரிப்போர்ட்டில் ஒரே எண்தான் இருக்கும், எங்கே குறைந்தது என்று சொல்லாது. நாமாகத்தான் ஊகிக்க வேண்டும். கேள்விக்கு முழுமையாகப் பதில் சொன்னது, கோர்வை, சொல்வளம், இலக்கணம் என்று நாலு அளவுகோல், நாலுக்கும் சம எடை. இரண்டு டாஸ்க்கில் இரண்டாவதற்கு முதலாவதைவிட இரண்டு மடங்கு எடை. நம் ஊரில் படித்தவர்கள் பலர் முதல் டாஸ்க்கின் வரைபடத்தில் அரை மணி நேரம் செலவழித்துவிட்டு இரண்டாவதை அவசரத்தில் முடிப்பார்கள். மொத்தம் ஒரு மணி நேரம், அதில் நாற்பது நிமிடம் இரண்டாவதற்கு வைத்தே ஆக வேண்டும். இலக்கணத்தில் 6க்கும் 7க்கும் உள்ள பெரிய வித்தியாசம், பிழையே இல்லாத வாக்கியங்கள் அடிக்கடி வருகின்றனவா என்பது. ‘எ’, ‘தி’ விட்டுப்போவது, ஒருமை பன்மை மாறுவது போன்ற சின்னப் பிழைகள் வரிக்கு ஒன்று விழுந்தால், எவ்வளவு பெரிய வாக்கியம் அமைத்தாலும் அந்த எண்ணிக்கை ஏறாது. உங்களுடைய பழைய பயிற்சிக் கட்டுரைகள் மூன்றை எடுத்து, ஒரு பிழையும் இல்லாத வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். பாதிகூடத் தேறவில்லை என்றால் புது வார்த்தைகள் மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். மூன்று நாலு வாரத்தில் நிதானமாகச் செய்யக்கூடிய வேலை இது.

ரைட்டிங் ஏற்கெனவே 6.5 ஆக இருந்து, ஓவராலை 7.5 ஆக்கலாமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். வரம்பைத் தாண்டிய பிறகு அந்த அரை பேண்டைத் தேர்வுக்குழுவில் பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்தக் கோர்ஸை ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கும் எஸ்ஓபிக்கு அந்த நேரத்தைச் செலவழிப்பது பலன் தரும்.

ரீடேக்கிலும் 6தான் வந்தது என்றால், அதே மின்னஞ்சல் முகவரிக்கு எழுதி ‘ப்ரீ-செஷனல்’ ஆங்கில வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கோர்ஸ் தொடங்கும் முன் சில வாரம் நடக்கும், அதில் தேறினால் அரை பேண்ட் குறைந்தவர்களை மறுதேர்வு இல்லாமலே சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அதற்குத் தனிக் கட்டணமும் தனிக் கடைசித் தேதியும் இருக்கும், அந்தத் தேதி பெரும்பாலும் கோர்ஸ் பக்கத்தில் இருக்காது. மொழி மையத்தின் பக்கத்தில் தேடுங்கள்.