M, M², M⁴ போதுமா? கடப்பு அடைவு பற்றிக் கேள்வி பதில்

கல்லூரி மாணவி: சார், a→b→c→d→e சங்கிலிதான் உறவு, அதன் 0-1 அணி M. எத்தனை அடியானாலும் எதிலிருந்து எதற்குப் போகலாம் என்ற கடப்பு அடைவு வேண்டும். M, M², M⁴ மூன்றையும் OR போட்டேன். a→d, b→e இரண்டும் விடையில் வரவே இல்லை. M³-உம் தனியாகப் பெருக்கித்தான் ஆகணுமா?

வேண்டாம்மா. M²-ல் இருப்பது *சரியாக* இரண்டடியில் போகும் ஜோடிகள், M⁴-ல் சரியாக நாலடி. நீங்கள் சொன்ன இரண்டு ஜோடியும் மூன்றடி தூரம். அவை எதிலும் சிக்காது. பழையதைக் கையில் வைத்துக்கொண்டே வர்க்கப்படுத்துங்கள். முதல் சுற்றில் C = M | M², அதில் ஓரடியும் ஈரடியும் இருக்கும். அடுத்த சுற்றில் C-யை C-யால் பெருக்கும்போது 1+2 சேர்ந்து மூன்றடியும், 2+2 சேர்ந்து நாலடியும் வந்துவிடும்.

M பைத்தானின் நம்பை நூலகத்துப் பூலியன் அணியாக இருந்தால் இவ்வளவுதான்:

```python
C = M
while True:
    D = C | (C @ C)
    if (D == C).all(): break
    C = D
```

ஒவ்வொரு சுற்றிலும் எட்டும் தூரம் இரட்டிக்கிறது. 1000 உறுப்புகள் என்றாலும் 10 சுற்றுக்குள் எல்லா ஜோடியும் வந்துவிடும், 2¹⁰ = 1024 அல்லவா. உங்கள் சங்கிலிக்கு இரண்டே சுற்று. மூன்றாவது, எதுவும் மாறவில்லை என்று பார்த்து நிற்க.

மென்பொருள் வேலையில் இருப்பவர்: 900 மாட்யூல், எது எதை நம்பியிருக்கிறது என்ற அணி. மெமரி மிச்சம் பிடிக்க `uint8` வைத்து `(C @ C) > 0` எழுதினேன். சில ஜோடிக்குத் தொடர்பு இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விடையில் 0. புதிதாக ஒரு மாட்யூலை நடுவில் சேர்த்தால் சரியாகிவிடுகிறது! பேய் மாதிரி இருக்கிறது.

பேய் இல்லை, 256. சாதாரணப் பெருக்கல் "உண்டா இல்லையா" என்று கேட்பதில்லை, எத்தனை இடைநிலை மாட்யூல் வழியாகப் போகலாம் என்று எண்ணுகிறது. அந்த எண்ணிக்கை சரியாக 256 ஆனால், 255 வரை மட்டுமே பிடிக்கும் `uint8`-ல் சுற்றிக்கொண்டு 0 ஆகிவிடும். பிழைச் செய்தியும் வராது. ஒன்று கூடி 257 ஆனால் 1, உயிர் வந்துவிடும். சின்ன உதாரணத்தில் இந்தப் பிழை தலைகாட்டாது. நானே ஒருமுறை இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன்.

பெருக்கும்போது மட்டும் `float32`-க்கு மாற்றுங்கள், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மறுபடி 0, 1 ஆக்கிவிடுங்கள். அப்படிச் செய்தால் எந்த எண்ணும் 900-ஐத் தாண்டாது, `float32` 2²⁴ வரை முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். நம்பையில் மிதவைப் பெருக்கல் முழு எண் பெருக்கலைவிட வேகமும்கூட.

ஒரு வாசகர்: கணினி அறிவியலாளர் வார்ஷல் 1962-லேயே இதை மூன்று for லூப்பில் முடித்துவிட்டார். எதற்கு இந்தச் சுற்றெல்லாம்? லூப் எந்த வரிசையில் இருந்தாலும் ஒன்றுதானே.

முதல் பாதி சரி, n உறுப்புக்கு n³ வேலையிலேயே முடிகிறது. இரண்டாம் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும். இடைநிலை உறுப்பு k-யின் லூப் வெளியே இருக்க வேண்டும். i, j, k என்று k-யை உள்ளே வைத்து 1→2→3→4-ஐச் சோதித்தால் விடை சரியாகவே வரும், அதை நம்பிவிடுவீர்கள். 1→4→3→2 கொடுத்துப் பாருங்கள். 1→2-ஐப் பார்க்கும் நேரத்தில் 1→3 இன்னும் தெரியாது. அது தெரிந்த பிறகு அந்த இடத்துக்குத் திரும்பி வருவதும் இல்லை. 1→2 போயே போச்சு.

பெருக்கல் வழிக்கும் நியாயம் உண்டு. வேகமான அணிப் பெருக்கல் கையில் இருந்தால் அதை அப்படியே பயன்படுத்தலாம். log n சுற்றுகூடக் கட்டாயமில்லை: அடைவு காண ஆகும் செலவு, வளர்ச்சி வீதத்தில், ஒரு பூலியன் பெருக்கலின் செலவுதான் என்று ஃபிஷர், மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் 1971-ல் காட்டினார்கள். அணியைப் பாதி பாதியாகப் பிரித்துச் செய்வது அது. கையால் எழுத நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வம்சாவளி தொகுப்பவர்: அணி எனக்கு அவ்வளவாகப் புரியாது அண்ணே. எங்கள் குடும்பத்து 400 பேரைப் போட்டேன், ஒவ்வொருவரும் தனக்குத் தானே மூதாதை என்று வருகிறது. பையன் ஏதோ அலகு அணி சேர்த்ததாகச் சொல்கிறான்.

அதுதான் காரணம். அலகு அணியைச் சேர்த்தால் மூலைவிட்டம் முழுக்க 1 ஆகிவிடும், அது தற்சுட்டையும் சேர்த்த அடைவு. மேலே எழுதியதை அப்படியே ஓட்டச் சொல்லுங்கள். பிறகும் மூலைவிட்டத்தில் எங்காவது 1 வந்தால் அதை அழிக்காதீர்கள். யாரோ ஒருவர் தன் பேரனுக்கே பேரன் என்பதுபோலப் பதிவாகியிருக்கிறார், பதிவைத் திருத்துங்கள்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்: அவருக்கு ஆளுக்கு இரண்டு பெற்றோர்தானே. அணியே வேண்டாம், ஒவ்வொருவரிடமிருந்தும் மேலே நடந்து போனால் போதும். என் 900 மாட்யூலுக்கும் அப்படியே செய்யலாமா?

அவருக்கு நீங்கள் சொல்வதே சரி. உங்களுக்கு, அணியில் எத்தனை 1 இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எந்த அளவில் ஒன்று மற்றொன்றை முந்தும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுகிறது. இரண்டையும் ஓட்டி நேரம் பாருங்கள், முடிவை இங்கே போடுங்கள்.