ரவுண்டிங் பாட்டமும் ஐலேண்ட் ரிவர்சலும்: கேள்வி பதில்

போன வாரம் சொன்னபடி விலைச் சார்ட்டில் வரும் இந்த இரண்டு வடிவங்களைப் பற்றி மட்டும் கேள்வி எடுத்துக்கொள்கிறேன். ஷேர் பெயர் கேட்காதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: சார், யூடியூபில் தினம் ஒரு ரவுண்டிங் பாட்டம் காட்டுகிறார்கள். நிஜமாகவே அவ்வளவு சாதாரணமா? எது வந்தால் உறுதி என்று எடுத்துக்கொள்வது?

தினம் ஒன்று காட்ட முடிகிறது என்றால் அது தினசரி சார்ட்டில் மூன்று வாரம் வளைந்து கிடக்கும் ஏதோ ஒன்று. விலை மெல்ல இறங்கி, அடியில் கிடந்து, மெல்ல ஏறிக் கிண்ணம் மாதிரி வளைவதுதான் ரவுண்டிங் பாட்டம். பேர் வைக்கும் அளவுக்கான கிண்ணம் வாரச் சார்ட்டில் மாதக்கணக்கில், பல சமயம் வருஷக்கணக்கில் உருவாகும். விற்க வேண்டியவர்கள் எல்லாரும் விற்று முடித்து, அந்தப் பக்கமே யாரும் திரும்பிப் பார்க்காமல் வால்யூம், அதாவது கைமாறும் அளவு, வற்றிப்போய், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறவர்கள் வரவேண்டும். நடுவில் ஒரு மோசமான ரிசல்ட்டோ ஒரு பெரிய செய்தியோ வந்தால் வளைவு உடைந்துவிடும். அவ்வளவு காலம் எதுவும் குறுக்கே வராமல் இருப்பது அபூர்வம். அதனால்தான் இது அரிது.

எல்லாருக்கும் தெரிந்த தங்கத்தையே எடுத்துக்கொள்வோம். அவுன்ஸ் விலை, டாலரில். 2015 டிசம்பரில் 1,046 பக்கம் அடி. 2016 ஜூலையில் 1,375 வரை ஏறி அங்கே முட்டியது. 2018 ஜனவரியிலும் ஏப்ரலிலும் 1,365 வரை வந்து திரும்பியது. ஏன் அங்கேயே முட்டுகிறது? மேலே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் ‘போட்ட காசு வந்தால் போதும்’ என்று காத்திருக்கும் இடம் அது. கிண்ணத்தின் விளிம்பு என்பது அதுதான். 2018 ஏப்ரலில் ‘வளைவு முடிந்துவிட்டது, இனி ஏறவேண்டியதுதான்’ என்று விளிம்புக்குக் கீழேயே வாங்கியவர்கள் ஆகஸ்டில் 1,160-ஐப் பார்த்தார்கள்.

2019 ஜூனில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் குறைக்கப் போகிறது என்று ஆனதும் விலை விளிம்பைத் தாண்டியது. தாண்டியது மட்டும் உறுதி இல்லை. ஜூன் மாத முடிவு விலையே 1,400-க்கு மேல் நின்றது பாருங்கள், அதுதான் முதல் உறுதி. ஜூலை முதல் தேதி 1,380-களுக்கு இறங்கி, விளிம்பைத் தொடும் தூரத்தில் நின்று, மறுபடி ஏறியது இரண்டாவது. இந்தத் திரும்பிப் பார்த்தல் எல்லாச் சமயமும் வராது. வந்தால் எனக்கு நிம்மதி. பள்ளத்தின் ஆழம் சுமார் 330 டாலர். அதை விளிம்போடு கூட்டினால் 1,705. 2020 மார்ச் சரிவில்கூட 1,450 பக்கம் வரைதான் விழுந்தது. ஏப்ரலில் அந்த 1,705 வந்துவிட்டது.

திரும்பச் சொல்கிறேன், விளிம்புக்குக் கீழே இருக்கும்வரை அது கிண்ணம் இல்லை, வெறும் வளைவு.

திருநெல்வேலியிலிருந்து: தப்பான உதாரணம் சார். தங்கத்தில் வந்தது இன்வெர்ஸ் ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ், நடுவில் ஆழமான பள்ளம் தலை, இருபக்கமும் ஆழம் குறைந்த பள்ளங்கள் தோள். 2013-இல் 1,180 இடது தோள், 2015 தலை, 2018-இல் 1,160 வலது தோள். தோள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டம்!

நல்ல கேள்வி, இதற்காகத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். உங்கள் பக்கம் நியாயம் உண்டு. இடது பக்கம் சுத்தமான வளைவு இல்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன். 2013 ஏப்ரலில் இரண்டே நாளில் 200 டாலருக்குப் பக்கத்தில் விழுந்தது, அதை யாரும் ‘மெல்ல வளைந்தது’ என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் தோள் என்று சொல்வது மூன்று வருஷம் அகலம். அவ்வளவு அகலமான தோளை நான் தோளாகப் பார்ப்பதில்லை. எப்படிப் பார்த்தாலும் தாண்டவேண்டிய கோடு ஒன்றுதான், ஆழமும் ஒன்றுதான்.

மறுபடி திருநெல்வேலி: கோடு ஒன்று, சரி. நஷ்டத்தோடு வெளியேறும் ஸ்டாப்லாஸ் ஒன்றா? தோள் என்றால் 1,160-க்குக் கீழே என்று தெளிவாக ஓர் இடம் இருக்கிறது. உங்கள் கிண்ணத்தில் எங்கே வைப்பீர்கள்?

இது சரியான அடி. கிண்ணத்தில் அப்படித் தெளிவான இடம் கிடைக்காது. நான் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வைப்பேன், வார முடிவு அதற்குக் கீழே போனால் வெளியே. நீங்கள் சொல்லும் 1,160-இல் வைத்தால் 1,400-இல் வாங்கியவர் 240 டாலர் நஷ்டத்துக்குத் தயாராக இருக்கவேண்டும். அது என் கைக்கு அடங்காது. உங்கள் கைக்கு அடங்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து: இருவரும் வேறு வேறு சார்ட்டைப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாத லைன் சார்ட் போட்டால் கிண்ணம், வாரக் கேண்டில் போட்டால் தலையும் தோளும்.

பாதி சரி. லைன் சார்ட் முடிவு விலையை மட்டும் எடுப்பதால் கூர்மை மழுங்கும், எதைப் போட்டாலும் கொஞ்சம் உருண்டையாகத் தெரியும். அதனால்தான் லைன் சார்ட்டை வைத்துக் கிண்ணம் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. என் வாதத்தையே இது கொஞ்சம் வெட்டுகிறது, தெரிகிறது.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, எம்சிஎக்ஸில் ரூபாய்க் கணக்கில் பார்த்தேன். பள்ளமே இவ்வளவு ஆழமில்லையே?

ஆமாம். டாலரில் விலை விழுந்த அதே வருஷங்களில் ரூபாயும் விழுந்தது, 2013-இல் இறக்குமதி வரியும் ஏறியது. இரண்டும் சேர்ந்து ரூபாய் விலையைத் தாங்கிப்பிடித்தன. எந்த நாணயத்தில் வியாபாரம் செய்கிறீர்களோ அந்தச் சார்ட்டில் விளிம்பு போடுங்கள். திருநெல்வேலிக்காரருக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கும், எழுதுங்கள், அடுத்த வாரம் தொடரலாம்.

சேலத்திலிருந்து: இப்போ ரவுண்டிங் பாட்டத்தில் இருக்கும் நல்ல ஷேர் ஒன்று சொல்லுங்கள் சார்.

முதல் பத்தியைப் படியுங்கள்.

மதுரையிலிருந்து: 2024 தேர்தல் முடிவு அன்று நிஃப்டியில் வந்தது ஐலேண்ட் ரிவர்சல்தானே? முந்தின நாள் கேப் அப், மறுநாள் பயங்கர வீழ்ச்சி. நான் அப்படித்தான் குறித்து வைத்திருக்கிறேன்.

குறித்ததை அழித்துவிடுங்கள். வீழ்ச்சி பயங்கரம்தான், ஆனால் ஐலேண்ட் இல்லை. கேப் என்றால் வியாபாரமே நடக்காத விலை இடைவெளி. மேலே ஒரு கேப், பிறகு அதே மட்டத்தில் கீழே ஒரு கேப், நடுவில் தனித்து நிற்கும் விலைதான் தீவு, அதாவது ஐலேண்ட். எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

2024 மே 31, வெள்ளி. நிஃப்டியின் அன்றைய உச்சம் 22,650 பக்கம். சனிக்கிழமை எக்ஸிட் போல் வந்தது. ஜூன் 3 திங்கள் மேலே கேப்போடு திறந்து, அன்று முழுக்க 23,060-க்குக் கீழே போகவே இல்லை, 23,263.90-இல் முடிந்தது. ஆக 22,650-க்கும் 23,060-க்கும் நடுவே யாரும் வியாபாரம் செய்யாத வெற்றிடம். தீவின் ஒரு கரை தயார்.

ஜூன் 4, ஓட்டு எண்ணிக்கை. இன்னொரு கரை வேண்டுமென்றால் அன்றைய உச்சமே 23,060-க்குக் கீழே இருந்திருக்கவேண்டும். அதாவது திறக்கும்போதே கீழே கேப் விட்டு, நாள் முழுக்க அந்த இடைவெளி மூடாமல் கிடக்கவேண்டும். நிஃப்டி திறந்தது 23,179.50-இல். முந்தின நாள் எல்லைக்குள்ளேதான் திறந்தது. அங்கிருந்து ஒவ்வொரு படியாக வியாபாரம் நடந்தே 21,281 வரை இறங்கியது. வெற்றிடத்தின் வழியாக நடந்து போய்விட்டது, தாண்டிக் குதிக்கவில்லை. இரண்டாவது கேப் இல்லை, தீவும் இல்லை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், தீவின் அர்த்தமே மாட்டிக்கொண்டவர்களில்தான் இருக்கிறது. மேலே வாங்கிய யாருக்கும் வெளியே வர வழியே கிடைக்காமல், மறுநாள் கண் விழித்தால் நஷ்டம். ஜூன் 4-இல் வழி இருந்தது. திறந்த உடனே விற்றவர் முந்தின நாள் விலைக்குப் பக்கத்திலேயே வெளியே வந்தார். அன்று முடிவு 21,884.50. ரிவர்சல், இன்னும் இறங்கும் என்று நினைத்து மறுநாள் ஷார்ட் போனவர் ஜூன் 7-ஆம் தேதி 23,290 முடிவைப் பார்த்தார். ஓட்டு எண்ணிக்கைக்கு முந்தின நாள் முடிவு விலையைவிடவும் மேலே.

இன்னொன்று. உண்மையாகவே இரண்டாவது கேப் விழுந்திருந்தாலும் நான் அன்றே நம்பியிருக்கமாட்டேன். அடுத்த சில நாள் முடிவு விலை அந்த இடைவெளிக்குள் ஏறி மூடுகிறதா என்று பார்ப்பேன். மூடினால் தீவு போச்சு.

சென்னையிலிருந்து: ஐலேண்ட் டாப் வந்துவிட்டால் பெரிய டிரெண்டே திரும்பிவிடும் என்று படித்திருக்கிறேன். 2009 மே 18-உம் ஐலேண்ட்தானே?

முதல் பாதியில் திரும்பும் என்பது சரி. எவ்வளவு திரும்பும் என்பதில்தான் பிசகு. தீவுக்கு முன்னால் நடந்த அந்தக் கடைசிச் சின்ன ஓட்டம் திரும்பக் கொடுக்கப்படும், பெரும்பாலும் அவ்வளவுதான். அதற்குமேல் எதிர்பார்த்தால் வேறு காரணமும் சேரவேண்டும்.

2009 மே 18-இல் நிஃப்டி 3,672-இலிருந்து 4,323, ஏற அனுமதித்த வரம்பான அப்பர் சர்க்யூட் அடித்து வியாபாரமே நின்றது. ஒரே கேப். அதற்கு எதிரான கேப் அந்த மட்டத்தில் முன்னால் இல்லை. ஒரு கரை மட்டும் உள்ளதை எப்படித் தீவு என்பது?

நாமக்கல்லிலிருந்து: என்னிடம் ஒரு சின்ன ஷேர் இருக்கிறது. மூன்று நாள் மேலே கேப், நாலாம் நாள் கீழே கேப். ஐலேண்ட் என்று விற்கப் போனேன், விற்கவே முடியவில்லை. என் கணக்கு எங்கே தவறியது?

உங்கள் ஷேர் 5 சதவீத சர்க்யூட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மாதிரி ஷேரில் காலையிலேயே அப்பர் சர்க்யூட்டில் திறந்து அங்கேயே உறைந்து நிற்கும். சார்ட்டில் ஒரு கோடு, கீழே இடைவெளி. மறுநாள் லோயர் சர்க்யூட், அதே கதை. வாரத்துக்கு இரண்டு தீவு கிடைக்கும், ஒன்றுக்கும் அர்த்தமில்லை. வாங்க ஆளே இல்லாத இடத்தில் விற்கவும் முடியாது. எக்ஸ்-டிவிடெண்ட் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிடெண்ட் பெரிதாக இருந்தால் அந்தத் தொகைக்கு விலை கீழே திறக்கும், அது விற்பனை அழுத்தம் இல்லை. எஃப் அண்ட் ஓ, அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் இருக்கும் ஷேர், இல்லாவிட்டால் இண்டெக்ஸ், இவற்றில் வந்தால் மட்டும் பேசுவோம். அங்கே மூடாத கேப் வருவதே குறைவு. ஒரே மட்டத்தில் எதிரெதிராக இரண்டு வருவது எவ்வளவு குறைவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரிலிருந்து: பிட்காயினில் ஐலேண்ட் வருமா?

24 மணி நேரமும் ஓடும் சந்தையில் கேப்புக்கு எங்கே போவது? வராது.

தஞ்சாவூரிலிருந்து: சார் ரவுண்டிங் பாட்டம் ஸ்டாக் ஒன்று ப்ளீஸ்.

ஷேர் பெயர் சொல்லச் செபி பதிவு வேண்டும். என்னிடம் கிடையாது, இருந்தாலும் இங்கே சொல்லமாட்டேன். இந்தக் கேள்வியை இனி பதிலில்லாமல் விட்டுவிடுவேன்.

காரைக்குடியிலிருந்து: விளிம்பைத் தாண்டும்போது வால்யூம் ஏறவில்லை என்றால் விட்டுவிடலாமா? தங்க ஸ்பாட் விலைக்கு வால்யூமே கிடைக்காதே?

ஷேராக இருந்தால் கண்டிப்பாகச் சந்தேகப்படுவேன். கிண்ணத்தின் அடியில் வால்யூம் வற்றி, வலது பக்கம் விலையோடு சேர்ந்து மெல்ல ஏறி, விளிம்பில் ஒரு பெரிய வாரம் வரவேண்டும். வலது பக்கம் விலை மட்டும் ஏறி வால்யூம் தூங்கினால் நான் இறங்கமாட்டேன், இன்னும் ஒரு வார முடிவுக்குக் காத்திருப்பேன். தங்க ஸ்பாட்டுக்கு ஒரே இடத்தில் வால்யூம் கிடைக்காது என்பது உண்மை, அதனால் காமெக்ஸ் ஃப்யூச்சர்ஸ் வால்யூமைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். அங்கே கான்ட்ராக்ட் மாறும் வாரங்களில் எண் குதிக்கும், அதைப் பிரேக்அவுட் வால்யூம் என்று எண்ணிவிடாதீர்கள்.

சேலத்திலிருந்து: சார், முதல் பத்தியைப் படித்துவிட்டேன். ஷேர் பெயர் அதில் இல்லையே?