பதினோரு மாதப் பத்திரம் (கடிதமும் பதிலும்)

ஐயா, வணக்கம். எனக்குத் திருமங்கலம். மதுரையில் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிறேன். அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டுகளை யார், எப்படி உருவாக்குகிறார்கள்? லீஸ் ஸ்டாண்டர்டில் 'நியாயமான அளவுக்கு உறுதி' என்றெல்லாம் வழவழவென்று எழுதாமல் இத்தனை மாதம், இத்தனை சதவீதம் என்று நேராகச் சொல்லிவிட்டால் என்ன? எல்லாம் லண்டன் சரக்கு என்கிறார் எங்கள் சீனியர். பரீட்சைக்கு இதை எப்படிப் படிப்பது என்றும் சொல்லுங்கள்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேஜையில் ஒரு வாடகைப் பத்திரம் விரிந்து கிடந்தது. பதினோரு மாதப் பத்திரம்தான். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சீனியர் சொல்வதை இரண்டு வரியில் முடித்துவிடுவோம். லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம் பற்றிய சர்வதேச ஸ்டாண்டர்டான ஐஎஃப்ஆர்எஸ் 16-ஐ லண்டனில் உள்ள சர்வதேச வாரியம் 2016 ஜனவரியில் வெளியிட்டது என்பது உண்மை. ஆனால் அது இங்கே அப்படியே இறங்குவதில்லை. நம் ஆடிட்டர்களின் அமைப்பான ஐசிஏஐ 1977-இல் அமைத்த ஸ்டாண்டர்டு வாரியம் வரைவு போட்டு, கருத்துக் கேட்டு, திருத்துகிறது. கம்பெனிச் சட்டப்படி ஐசிஏஐ பரிந்துரைப்பதை, கணக்கையும் ஆடிட்டையும் கண்காணிக்கும் அரசு ஆணையமான என்எஃப்ஆர்ஏ பார்த்துத் தன் கருத்தைச் சொல்லும். கடைசியில் மத்திய அரசு அறிவிக்கை போட்டால்தான் சட்டம். ஐஎஃப்ஆர்எஸ் 16-இன் இந்திய வடிவமான இண்ட் ஏஎஸ் 116 அப்படித்தான் 2019 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. கருத்துக் கேட்கும் வரைவு வெளியாகும்போது நம் ஊரிலிருந்து எத்தனை பேர் எழுதிப் போடுகிறோம்? எழுதாமல் இருந்துவிட்டு லண்டன் சரக்கு என்று சலித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி அந்த 'நேராகச் சொல்லிவிட்டால் என்ன'. ஏம்மா, சொல்லிப் பார்க்காமலா இருந்தார்கள்? அமெரிக்காவில் 1976-இல் வந்த லீஸ் ஸ்டாண்டர்டு சதவீதத்தையே போட்டது. சொத்தின் ஆயுளில் 75 சதவீதமோ அதற்கு மேலோ லீஸ் காலம் இருந்தாலும், கட்டப்போகும் வாடகையின் இன்றைய மதிப்பு சொத்தின் விலையில் 90 சதவீதத்தைத் தொட்டாலும், அதைக் கடன் போலக் காட்ட வேண்டும் என்றது. என்ன ஆயிற்று? 89 சதவீதத்தில் நிற்கும் ஒப்பந்தங்களை வடிவமைத்துக் கொடுப்பதே ஒரு தொழிலாகிவிட்டது. கோடு போட்டால் கோட்டுக்கு ஒரு அங்குலம் இந்தப் பக்கம் நிற்பார்கள்.

நம் 116-லும் ஒரு கோடு இருக்கிறது. 12 மாதத்துக்கு மிகாத லீஸ் என்றால் பேலன்ஸ் ஷீட்டில் ஏற்ற வேண்டாம், வாடகையைச் செலவில் எழுதிக்கொள்ளலாம். நம் ஊர் வாடகைப் பத்திரம் எத்தனை மாதம்? பதினோரு மாதம். ஸ்டாண்டர்டுக்காக யாரும் அப்படி எழுதவில்லை. ஒரு வருடத்தைத் தாண்டினால் 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி பத்திரத்தைப் பதிய வேண்டும், அந்தச் செலவும் அலைச்சலும் வேண்டாம் என்று வந்த பழக்கம். அந்தப் பழைய பழக்கம் இந்தப் புதிய கோட்டுக்குள் அச்சாகப் பொருந்திவிட்டது.

நானே இதில் சறுக்கியிருக்கிறேன். கப்பலூரில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். லிஸ்டட் கம்பெனி ஒன்றின் துணை நிறுவனம் என்பதால் அளவு சிறிதானாலும் இண்ட் ஏஎஸ் கட்டாயம். உறையவைத்த பொருள் வியாபாரம். குடோன் வாடகை மாதம் ஒரு லட்சம், பதினோரு மாதப் பத்திரம். அதில் ஒரு வரி: 'இரு தரப்பில் எவரும் மூன்று மாதம் முன்பாக நோட்டீஸ் கொடுக்காவிட்டால் இதே நிபந்தனைகளில் தொடரும்.' முதல் வருட ஆடிட்டில் நான் பத்திரத்தை மட்டும் பார்த்தேன். குறுகிய கால லீஸ் என்று டிக் அடித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன்.

உங்களைப் போல ஒரு பெண் அப்போது என்னிடம் ஆர்ட்டிகிள். சொத்துப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குளிர் அறை, தளம், சரக்கு இறக்கும் மேடை, எல்லாம் சேர்த்து 60 லட்சம். எதையும் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. தேய்மானக் காலம் என்ற கட்டத்தில் 10 வருடம் என்றிருந்தது. அந்தப் பத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் கேட்டாள். "சார், பதினோரு மாதத்தில் காலி செய்யப்போகிறவர்கள் பத்து வருடத்துக்கு ஏன் தேய்மானம் போடுகிறார்கள்?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரே கம்பெனி, ஒரே கட்டடம், இரண்டு நாக்கு.

ஸ்டாண்டர்டு கேட்பது பத்திரத்தின் மாதக் கணக்கை அல்ல. பெரிய இழப்பில்லாமல் இரு தரப்பும் விலகிக்கொள்ள முடியுமா என்று கேட்கிறது. முடியாதென்றால், தொடர்வது எதுவரை நியாயமான அளவுக்கு உறுதி என்று கேட்கிறது. இழப்பு என்றால் பத்திரத்தில் எழுதிய அபராதம் மட்டும்தானா என்று உலகமெங்கும் குழப்பம். சர்வதேச விளக்கக் குழு 2019 நவம்பரில் பதில் சொன்னது: அபராதத் தொகை மட்டுமல்ல, ஒப்பந்தத்தின் மொத்தப் பொருளாதாரத்தையும் பார். ஸ்டாண்டர்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஸ்டாண்டர்டு உருவாவதில் இப்படியும் ஒரு வழி உண்டு.

இந்தக் கம்பெனி வெளியேறினால் 60 லட்சத்துக் குளிர் அறையை விட்டுவிட்டுப் போக வேண்டும். அது இழப்பில்லையா? ஆகவே பதினோரு மாதம் என்ற பேச்சு அடிபட்டது. அதற்காகப் பத்து வருடமா? போர்டு மினிட்ஸைப் புரட்டினோம். சொந்த நிலம் வாங்கியாயிற்று, ஐந்து வருடத்தில் அங்கே போவதாகத் தீர்மானம். லீஸ் காலம் ஐந்து வருடம் என்று முடிவானது. இதோடு நிறுத்தக்கூடாது. ஐந்து வருடத்தில் கிளம்புகிறவர்கள் குளிர் அறைக்கு மட்டும் பத்து வருடத் தேய்மானம் போட முடியுமா? அதன் மீதி மதிப்பையும் அதே ஐந்து வருடத்தில் முடிக்க வைத்தோம். இரண்டு எண்ணும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும், அம்மா. பார்க்காவிட்டால் எங்கேயோ பிசகு.

கணக்கில் என்ன வித்தியாசம்? வருடம் 12 லட்சம், ஐந்து வருடம், வட்டி 10 சதவீதம், வருடக் கடைசியில் கட்டுவதாக வைத்துக்கொண்டால் இன்றைய மதிப்பு சுமார் 45½ லட்சம். அது கடனாகவும், குடோனைப் பயன்படுத்தும் உரிமை சொத்தாகவும் ஏறும். முதல் வருடச் செலவு 12 லட்சம் அல்ல, வட்டி 4.55, தேய்மானம் 9.10, ஆக 13.65 லட்சம். கடைசி வருடம் 10.19 லட்சமாக இறங்கிவிடும். ஐந்து வருட வாடகைச் செலவு மொத்தம் எப்படிப் போட்டாலும் 60 லட்சம்தான். ஆனால் கடன் கொடுக்கிற பேங்க் 45½ லட்சத்தைப் பார்க்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம்.

'வாடகைக் குடோன் எல்லாவற்றுக்கும் ஐந்து வருடம்' என்று விதி எழுதியிருந்தால்? பக்கத்துக் குடோனில் வெறும் சாக்கு அடுக்குகிறவர் நாளையே காலி செய்யலாம், அவருக்கு ஒரு நஷ்டமுமில்லை. அவர் தலையிலும் அந்த ஐந்து வருடம் விழும்.

இதை எடுத்துக்கொண்டு 'ஜட்ஜ்மென்ட்' என்ற பெயரில் மனம் போன போக்கில் எழுதலாம் என்று கிளம்பாதீர்கள். வேறொரு ஆடிட்டர் நான்கு வருடம் என்றோ ஆறு என்றோ சொல்லியிருக்கலாம், சண்டை போட மாட்டேன். பதினோரு மாதம் என்றால் விடமாட்டேன். அந்தத் தானாகத் தொடரும் வரி பத்திரத்தில் இல்லாமல், ஓனரும் ஒவ்வொரு முறை புதிதாகப் பேரம் பேசுகிறவர் என்றால், ஒருவேளை பதினோரு மாதமே சரியாக இருந்திருக்கும். எது எப்படியோ, காரணத்தை ஒர்க்கிங் பேப்பரில் எழுதியிருக்க வேண்டும்: பத்திரத்தின் எந்த வரி, மினிட்ஸின் எந்தத் தேதி, பதிவேட்டின் எந்தப் பக்கம். 'நிர்வாகத்துடன் விவாதிக்கப்பட்டது' என்று ஒற்றை வரி எழுதி வைக்கிறீர்களே, அதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

அந்தப் பென்சில் வட்டத்தை நான் அழிக்கச் சொல்லவில்லை. ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்துவிட்டோம்.

பரீட்சை பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள். அடுத்த முறை உங்கள் சீனியர் வாடகைப் பத்திரம் கொடுத்தால், சொத்துப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.