கூட்டம் முடிந்த பிறகு அனுப்பும் செய்தி: கேள்விகளும் பதில்களும்

வாசகர் வட்டச் செயலாளர், தஞ்சாவூர்: சனிக்கிழமை எங்கள் நூலகத்தில் மாடித்தோட்டப் பயிலரங்கு நடத்தினோம். நேரில் 60 பேர், ஜூமில் 40 பேர். ஒளிப்பதிவு இன்னும் கைக்கு வரவில்லை. வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்பலாம் என்றிருக்கிறேன். சரிதானே அம்மா?

காத்திருக்காதீர்கள், இன்றே அனுப்பிவிடுங்கள். ஜூமின் கிளவுடில் பதிவான காட்சி தயாராவதற்குக் கூட்டம் நடந்த நேரத்தைப் போல இரு மடங்கு பிடிக்கும். நெரிசலான நாளில் 24 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குப் பிறகு தொடக்கத்தில் இருக்கும் "ஹலோ, கேட்கிறதா?" பகுதியை வெட்ட ஒருவர் உட்கார வேண்டும். அவருக்கும் வேலை வெட்டி இருக்கும். எல்லாம் முடிய புதன்கிழமை ஆகிவிடும். சனிக்கிழமை மாலை தொட்டி வாங்கத் துடித்தவர் அதற்குள் ஆறிப்போயிருப்பார்.

உங்கள் கூட்டத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> வணக்கம். சனிக்கிழமை மாடித்தோட்டப் பயிலரங்குக்கு வந்ததற்கு நன்றி. வெண்டையில் வரும் மாவுப்பூச்சி பற்றிக் கேட்டவருக்கு நேரமின்மையால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைக் கடைசி ஸ்லைடில் சேர்த்திருக்கிறோம்.
> ஸ்லைடுகள் (பி.டி.எஃப்., 4 எம்.பி.): இணைப்பு
> ஒளிப்பதிவு: புதன் இரவுக்குள் அனுப்புகிறோம்.
> விதைப் பொட்டலம் வேண்டுவோர் வியாழக்கிழமைக்குள் இந்த எண்ணுக்கு "விதை" என்று மட்டும் அனுப்புங்கள்.

நன்றிக்கு ஒரு வரி போதும். ஆனால் அந்த வரிக்குப் பக்கத்தில், அன்று அந்த அறையில் இருந்தவருக்கு மட்டும் புரியும் ஒன்று இருக்க வேண்டும். மாவுப்பூச்சி அதற்காகத்தான் வந்தது. "தங்கள் மேலான வருகையால் விழா சிறப்புற்றது" என்பதை எந்தக் கூட்டத்துக்கும் அனுப்பலாம். படிப்பவருக்கும் அது தெரியும். ஒளிப்பதிவுக்கு நாள் குறித்திருப்பதையும் கவனியுங்கள். "விரைவில்" என்று எழுதினால் மறுநாளே பத்துப் பேர் "எப்போது?" என்று கேட்பார்கள்.

உதவிப் பேராசிரியர், திருச்சி: கருத்தரங்கு முடிந்து ஸ்லைடு இணைப்பை அனுப்பினேன். என் கணினியில் நன்றாகத் திறக்கிறது. மற்றவர்களோ "அனுமதி கேட்கச் சொல்கிறது" என்கிறார்கள்.

கோப்பு உங்களுடையது, அதனால் உங்களுக்குத் திறக்கிறது. கூகுள் டிரைவில் புதிதாக ஏற்றும் கோப்பு Restricted நிலையில்தான் இருக்கும். Share பொத்தானை அழுத்தி, General access என்ற இடத்தில் Anyone with the link என்று மாற்றுங்கள். பக்கத்தில் Viewer என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். Editor என்று விட்டுவிட்டால் யாராவது கைபேசியில் தெரியாமல் தொட்டு ஒரு ஸ்லைடையே அழித்துவிடுவார்.

கல்லூரி தந்த மின்னஞ்சல் கணக்கு என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியாட்களுக்குப் பகிர்வதை நிர்வாகி தடுத்து வைத்திருக்கலாம். அப்போது அந்தப் பட்டியலில் கல்லூரியின் பெயர்தான் இருக்கும், Anyone இருக்காது. சக ஆசிரியரின் கணினியில் சோதித்தால் இது பிடிபடாது, ஏனென்றால் அவரும் அதே கணக்குக்காரர். பிரவுசரில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் இணைப்பை ஒட்டிப் பாருங்கள். செய்தியின் நடையைப் பத்து முறை திருத்துகிறவர்கள் இந்த அரை நிமிடச் சோதனையைச் செய்வதில்லை. எனக்கு வரும் புலம்பல்களில் பெரும்பாலானவை இதனால்தான்.

கூகுள் ஸ்லைட்ஸிலேயே தயாரித்தது என்றால், முகவரியின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றினால் பி.டி.எஃப். நேராக இறங்கிவிடும். பகிர்வு அனுமதி மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

```
.../presentation/d/கோப்புக்குறி/edit
.../presentation/d/கோப்புக்குறி/export/pdf
```

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை: எனக்கு வந்த ஸ்லைடுகளைக் கைபேசியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக இருக்கின்றன. என் கைபேசியில் கோளாறா அம்மா?

உங்கள் கைபேசியில் குறையில்லை ஐயா. தயாரித்தவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே தெரிந்துவிடும். அனுப்பியவரிடம் பி.டி.எஃப். ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள். எழுத்துருவும் அதற்குள்ளேயே போய்விடுவதால் எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

அனுப்புகிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. பவர்பாயின்ட் கோப்பை அப்படியே அனுப்பினால் பேச்சாளர் தனக்காகக் கீழே எழுதி வைத்த குறிப்புகளும் சேர்ந்தே போகும். "இந்த இடத்தில் ஜோக் சொல்ல வேண்டும்" என்று எழுதி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மன்றப் பொருளாளர், விருதுநகர்: நன்றி சொல்லும்போது மாவட்ட அலுவலர் பெயர் முதலிலா, நன்கொடையாளர் பெயர் முதலிலா? எங்களில் இதற்கே சண்டை.

அது மேடை நன்றியுரைக்கான சண்டை; அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இந்தச் செய்தியில் இருவர் பெயரும் வேண்டாம். அவர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். ஸ்லைடு தேடி வந்தவர் எட்டுப் பெயர்களைத் தாண்டித்தான் இணைப்பை எட்ட வேண்டும் என்றால் எட்டமாட்டார்.

காணொளித் தொகுப்பாளர், சென்னை: ஒளிப்பதிவுக்கு யூடியூபில் Unlisted போட்டால் போதும். நாம் இணைப்பு அனுப்பியவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். இதை எல்லோருக்கும் சொல்லுங்கள் மேடம்.

பாதிதான் சரி. தேடினால் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் இணைப்பு யார் கையில் இருந்தாலும் திறக்கும். குடும்பக் குழுவில் யாராவது போட்டுவிட்டால் அந்தக் குடும்பமே பார்க்கும். Private என்றால் ஒவ்வொருவரின் மின்னஞ்சலையும் சேர்க்க வேண்டும், அவர்களுக்குக் கூகுள் கணக்கும் வேண்டும். நூறு பேருக்கு அது நடக்கிற காரியமல்ல. ஆகவே Unlisted போடுங்கள். ஆனால் ஊரே பார்த்தாலும் பரவாயில்லை என்கிற பகுதியை மட்டும் போடுங்கள். கேள்வி நேரத்தில் ஒருவர் வீட்டுப் பிரச்சினையைச் சொல்லியிருந்தால் அவரிடம் கேளுங்கள், இல்லையேல் வெட்டிவிடுங்கள். இணைப்பை அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது என்றால், யூடியூப் ஸ்டுடியோவில் இருக்கும் எடிட்டரிலேயே வெட்டலாம்; இணைப்பு மாறாது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் புது இணைப்பு, நூறு பேருக்கு மறுபடி ஒரு செய்தி.

புதிதாகச் சேனல் தொடங்குகிற சங்கங்களுக்கு ஒன்று: கைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்கைச் சரிபார்க்காதவரை 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளியை யூடியூப் ஏற்காது. இது புதன் இரவு பத்து மணிக்குத்தான் தெரியவரும்.

இரண்டு மணி நேரக் காணொளியை முழுதாகப் பார்க்கிறவர் அரிது. எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் தனக்கு வேண்டிய இடத்துக்குப் போவார்கள். கீழே இருப்பது போல விவரப் பகுதியில் எழுதினால் யூடியூபே அதைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும், மூன்று வரியாவது இருக்க வேண்டும்.

```
0:00 மண்கலவை
18:40 தொட்டியும் வடிகாலும்
47:15 பூச்சிகள்
1:12:30 கேள்வி நேரம்
```

மகளிர் குழு ஒருங்கிணைப்பாளர், சேலம்: வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் அனுப்பினேன் அக்கா, பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை.

உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போகும். அடுத்த முறை வருகைப் பதிவேட்டின் மேலேயே உங்கள் எண்ணைப் பெரிதாக எழுதி, கையெழுத்துப் போடும்போதே சேமிக்கச் சொல்லுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். அவசரத்துக்கு எல்லோரையும் ஒரே குழுவில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண்கள் குழுவில் அது சின்ன விஷயமல்ல. மின்னஞ்சல் என்றால் எல்லா முகவரிகளையும் Bcc-யில் போடுங்கள். காரணம் அதேதான்.

தன்னார்வலர், கோயம்புத்தூர்: கருத்துப் படிவம், உறுப்பினர் சேர்க்கை, அடுத்த கூட்டத்தின் தேதி, நன்கொடைக்கான கியூஆர் குறி. இவற்றை எந்த வரிசையில் வைப்பது?

ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். கருத்துப் படிவத்தைக் கூட்டம் முடியும் முன் அறையிலேயே வாங்கிவிட வேண்டும். வீட்டுக்குப் போனவர் நிரப்புவது குறைவு. நன்கொடையை நன்றியோடு சேர்த்துக் கேட்டால் நன்றி அதற்குத்தானோ என்று தோன்றிவிடும். மிஞ்சுவதில் எது இந்த வாரமே நடக்க வேண்டுமோ அதை மட்டும் போடுங்கள், கடைசி நாளோடு.

தஞ்சாவூர்ச் செயலாளர் மறுபடியும்: எங்கள் தலைவர் நான்கும் இருந்தே ஆக வேண்டும் என்கிறார்.

நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி, ஸ்லைடுகள் இருக்கும் டிரைவ் கோப்புறையிலேயே வைத்துவிடுங்கள். செய்தியில் விதைப் பொட்டலம் மட்டும் இருக்கட்டும். தலைவருக்கும் மனக்குறை இருக்காது.

பயிற்சி அமைப்பாளர், யாழ்ப்பாணம்: உடனே ஒன்று, பிறகு ஒன்று என்று இரண்டு செய்தி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஆட்கள் இரண்டாவதைத் திறப்பதே இல்லை. மூன்று நாள் பொறுத்து எல்லாவற்றையும் ஒரே செய்தியில் அனுப்புகிறேன், நன்றாகவே போகிறது.

மாதந்தோறும் வரும் அதே முகங்களுக்கு அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் காத்திருப்பார்கள். ஒரே முறை வந்துபோகும் கூட்டத்துக்கு நான் இன்னமும் இரண்டு செய்தி என்றே சொல்வேன். ஆனால் இரண்டாவதைத் திறப்பதில்லை என்கிற உங்கள் குறை உண்மைதான். "ஒளிப்பதிவு தயார்" என்று மட்டும் அனுப்பாமல், "பூச்சிகள் பற்றிய பகுதி 47-ஆவது நிமிடத்தில்" என்று தொடங்கிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் வழக்கமே உங்களுக்குச் சரி.

அதே திருச்சிப் பேராசிரியர்: இணைப்பு சரியாகிவிட்டது, நன்றி. இப்போது பேச்சாளர் ஸ்லைடுகளைப் பகிர வேண்டாம் என்கிறார், அடுத்த வாரம் வேறிடத்தில் இதையே பேசப் போகிறாராம். நானோ எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

அந்தக் கோப்பை உடனே Restricted ஆக்குங்கள். இறக்கிக்கொண்டவர்களிடமிருந்து அது திரும்பாது. அதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு பக்கச் சுருக்கம் தர முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலோர் தருவார்கள். கிடைத்ததும் அதே கோப்பில் Manage versions வழியாகப் பழையதன் மேல் ஏற்றி அனுமதியைத் திறந்துவிட்டால், முன்பு அனுப்பிய இணைப்பே போதும். பி.டி.எஃப். போல வெளியிலிருந்து ஏற்றிய கோப்பாக இருந்தால்தான் இது நடக்கும். ஸ்லைட்ஸிலேயே செய்ததற்கு இந்த வசதி கிடையாது. அப்படியென்றால் புது இணைப்போடு இரண்டு வரி எழுதத்தான் வேண்டும்.