பொங்கல் விடுமுறை அறிவிப்பு: ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் ஒரு பொதுமருத்துவர் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறேன். 2026 பொங்கலுக்கு ஜனவரி 15, 16, 17 மூன்று நாள் லீவு. போகியன்று காலை மட்டும் பார்ப்பார். ஞாயிறு எங்களுக்கு எப்போதுமே லீவு. “அன்பா எழுதும்மா, ஆனா தேதியில குழப்பம் வரக்கூடாது” என்கிறார் டாக்டர். போன தடவை அறிவிப்பு ஒட்டியும் தினமும் ஆள் வந்து நின்று திட்டினார்கள். எப்படி எழுதுவது?

பதில்: “ஜனவரி 15 முதல் 17 வரை விடுமுறை” என்று எழுதினால் இந்தத் தடவையும் திட்டு விழும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படிப்பவர் 17 சனிக்கிழமையோடு லீவு முடிந்தது, 18ஆம் தேதி வரலாம் என்றுதான் கணக்குப் போடுவார். 18 ஞாயிறு. ஞாயிறு உங்களுக்கு லீவு என்பது வாராவாரம் வருகிறவருக்குத் தெரியும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டைஊசி வளைவு இறங்கி, பொங்கல் கூட்டத்தில் பஸ் பிடித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவருக்குத் தெரியாது. உங்கள் கணக்கில் மூன்று நாள் லீவு. பூட்டிய ஷட்டர் முன்னால் நிற்பவருக்கு அது நான்கு நாள். போகியன்று மாலையையும் சேர்த்தால் நான்கரை.

“வரை” என்ற சொல்லிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 17 வரை என்றால் 17ஆம் தேதியும் லீவில் சேர்த்தியா, 17ஆம் தேதி திறந்து விடுவார்களா? பாதிப் பேர் ஒருவிதமாகவும் மீதிப் பேர் வேறுவிதமாகவும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே மூடும் நாட்களை ஒவ்வொன்றாகக் கிழமையோடு எழுதுங்கள். திறக்கும் நாளையும் நேரத்தையும் தனி வரியில், எல்லாவற்றையும் விடப் பெரிய எழுத்தில் போடுங்கள். படிக்கிறவருக்கு முதலில் வேண்டியது அந்த வரிதான். நம் ஊர் அறிவிப்புகளில் பெரும்பாலும் இல்லாததும் அதுதான்.

உங்களுக்கான வாசகம் இது:

அன்பான நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும்,
ஜனவரி 14, புதன் (போகி): காலை 9 மணி முதல் 1 மணி வரை மட்டும். டோக்கன் 12.30 மணி வரை. மாலை கிடையாது.
ஜனவரி 15 வியாழன், 16 வெள்ளி, 17 சனி, 18 ஞாயிறு: நான்கு நாளும் விடுமுறை.
ஜனவரி 19, திங்கள் காலை 9 மணிக்குத் திறக்கிறோம்.
தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 19ஆம் தேதி காலை வேளைக்கும் சேர்த்துக் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.
அவசரத்துக்கு 108. சேலம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு இரவு பகலாக இயங்கும்.
உங்கள் வீட்டுப் பொங்கல் நன்றாகப் பொங்கட்டும்.

காலை 9 மணி என்பது நான் வைத்துக்கொண்டது. உங்கள் நேரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். டோக்கன் வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஒரு மணி வரை என்று படித்தவர் 12.55க்கு வருவார், அவருக்கு முன்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே நடக்கும் சண்டை உங்கள் தலையில்தான் விழும். மாத்திரை வரியில் 19ஆம் தேதி காலை வேளையைச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நான்கு நாளுக்கு மட்டும் எண்ணி வைத்துக்கொண்டால் திங்கட்கிழமை காலையில் போட வேண்டிய ரத்த அழுத்த மாத்திரை கையில் இருக்காது. கிளினிக்கை ஒட்டியுள்ள மருந்துக்கடையும் பண்டிகைக்கு மூடுமா என்று இப்போதே கேட்டு, மூடினால் அதையும் இந்த வரியோடு சேருங்கள்.

அன்பு என்று டாக்டர் சொன்னது அந்த மாத்திரை வரியைத்தான். “தங்கள் மேலான நல்லாதரவை நாடும்”, “சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்றெல்லாம் நிரப்பினால் தேதி அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வாழ்த்து ஒரு வரி போதும், அதுவும் கடைசியில்.

பிளக்ஸ் கடையிலோ ஜெராக்ஸ் கடையிலோ கொடுத்தால் போன வருடத்துக் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவார்கள். 2025இல் பொங்கல் ஜனவரி 14, செவ்வாய். 2026இல் ஜனவரி 15, வியாழன். தேதி மாறிக் கிழமை பழையபடியே நின்றுவிட்ட அறிவிப்பு ஊர் முழுக்கத் தொங்கும். அச்சாகி வந்ததும் காலண்டரைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு தேதிக்கும் கிழமை பாருங்கள். “மாட்டுப் பொங்கலன்று”, “தை 2” என்று மட்டும் எழுதுவதும் வேண்டாம். அரசு விடுமுறையைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். 2025இல் பொங்கல் நெருங்கி வந்த பிறகுதான் 17ஆம் தேதியும் லீவு, அதற்கு ஈடாக 25 சனிக்கிழமை வேலைநாள் என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு வருடமும் வருகிற பண்டிகைக்குக் கடைசி நேரத்தில் உத்தரவு போடுவது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்த உத்தரவு அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும்தான், உங்கள் கிளினிக்குக்கு அல்ல. ஆனால் பள்ளி லீவு என்றால் டாக்டரும் லீவு என்று ஜனங்கள் நினைப்பார்கள். அதனால்தான் “திறக்கிறோம்” என்ற வரி பெரிதாக இருக்க வேண்டும்.

எங்கே ஒட்டுவது? கண்ணாடிக் கதவில் ஒட்டினால் ஷட்டரை இறக்கியதும் அறிவிப்பு உள்ளே போய்விடும். லீவு நாளில் வருகிறவர் பார்ப்பது ஷட்டரை மட்டும்தான். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று ஜனவரி 5ஆம் தேதியிலிருந்து டோக்கன் கொடுக்கும் மேசைக்கு எதிரே. இன்னொன்று 14ஆம் தேதி மதியம் ஷட்டர் இறங்கியதும் வெளியே, கண் மட்டத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு. தைப் பனியில் இங்க்ஜெட் பிரிண்ட் ஒரே இரவில் கரைந்து வழியும். ஜெராக்ஸ் எடுத்தது தாங்கும்.

சீட்டில் டாக்டர் எழுதும் “5 நாள் கழித்து” என்ற குறிப்பையும் கவனியுங்கள். 10ஆம் தேதி சனிக்கிழமை பார்த்தவருக்கு ஐந்தாம் நாள் 15, பொங்கல். 12ஆம் தேதி பார்த்தவருக்கு 17. இந்த ஒரு வாரம் மட்டும் நாள் கணக்கு வேண்டாம், தேதியாகவே எழுதச் சொல்லுங்கள்.

இப்போது அறிவிப்பில் அடங்காத ஒரு கூட்டத்துக்கு வருவோம். உங்கள் கிளினிக்கில் நாய்க்கடி ஊசி போடுவதுண்டா? இருந்தால் இந்த வாரமே பதிவேட்டை எடுங்கள். தசையில் போடும் முறையில் ஊசி 0, 3, 7, 14, 28ஆம் நாட்களில். முதல் ஊசி போட்ட நாள்தான் பூஜ்யம். அதை ஒன்று என்று எண்ணினால் அடுத்தடுத்த எல்லா ஊசியும் ஒரு நாள் முந்திவிடும். ஜனவரி 12ஆம் தேதி முதல் ஊசி போட்டவருக்கு இரண்டாவது ஊசி சரியாகப் பொங்கலன்று. 13ஆம் தேதி போட்டவருக்கு 16, 14ஆம் தேதி போட்டவருக்கு 17. ஏழாம் நாள் ஊசி மாட்டுவது ஜனவரி 8 முதல் 11க்குள் தொடங்கியவர்களுக்கு. பதினான்காம் நாள் ஜனவரி 1 முதல் 4க்குள் தொடங்கியவர்களுக்கு. இருபத்தெட்டாம் நாள் டிசம்பர் 18 முதல் 21க்குள் தொடங்கியவர்களுக்கு. இவர்களைச் சுவரில் ஒட்டிய தாளை நம்பி விடக்கூடாது, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இந்த ஊசி இலவசம். ஊசி அட்டையைக் கட்டாயம் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அட்டையில் மருந்தின் பெயரும், தசையில் போட்டதா தோலில் போட்டதா என்பதும் எழுதியிருக்கிறதா என்று நீங்களே முன்கூட்டிப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் முறை உண்டு, அதன் நாள் கணக்கு வேறு. அட்டையில் எழுதாவிட்டால் அங்கே இருப்பவர் ஊகிக்க வேண்டிவரும். “பண்டிகை கழிஞ்சு திங்கக்கிழமை போட்டுக்கலாம்” என்று நோயாளியாக முடிவெடுக்க விடாதீர்கள். நீங்களும் அப்படிச் சொல்லாதீர்கள், அது டாக்டர் சொல்ல வேண்டியது.

கடைசியாக கூகுள். வெளியூர்க்காரர் அறிவிப்பைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறார். கிளினிக்கின் கணக்கில் நுழைந்து, கூகுளில் `my business` என்று தேடினால் உங்கள் பக்கம் வரும். அதில் `Edit profile`, பிறகு `Hours`, அதற்குள் `Holiday hours`. 14ஆம் தேதிக்குக் காலை 9 முதல் மதியம் 1 வரை, 15, 16, 17 மூன்றுக்கும் `Closed`. ஞாயிறு ஏற்கெனவே மூடியதாக இருக்கிறதா என்று ஒரு பார்வை. மதியம் ஒன்றுக்கு `PM` என்பதற்குப் பதில் `AM` விழுந்தால் நள்ளிரவு தாண்டியும் திறந்திருப்பதாகக் காட்டும். `Temporarily closed` பக்கமே போகாதீர்கள், நான்கு நாள் லீவுக்கு அது வேண்டியதில்லை. அதைத் திருப்பி மாற்ற மறந்து, மாதக்கணக்கில் மூடிய கிளினிக்காக நிற்பவர்கள் உண்டு.

இந்தச் சமயம் பார்த்துத்தான் போன் வரும். “கூகுளிலிருந்து பேசுறோம், உங்க கிளினிக் நிரந்தரமா மூடினதா காட்டப் போகுது, உடனே பணம் கட்டுங்க” என்பார்கள். அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளவும் நேரத்தை மாற்றவும் ஒரு பைசா கிடையாது. பணம் கேட்கிறவர் தரகர். பணத்தைவிட மோசம், அவர் கேட்கும் ஓடிபி. அதைச் சொன்னால் பக்கம் அவர் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் போன் நம்பர் இருந்த இடத்தில் வேறு நம்பர் வந்தாலும் உங்களால் மாற்ற முடியாது. “நேரத்தை நாங்களே மாத்தித் தர்றோம், வருஷத்துக்கு இவ்வளவு” என்கிறவருக்கும் இதே பதில்தான். ஐந்து நிமிட வேலைக்கு வருடச் சந்தா எதற்கு? கிளினிக் கணக்கின் கடவுச்சொல் டாக்டரிடமும் உங்களிடமும் தவிர வேறு யாரிடமாவது இருந்தால், லீவுக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். வெளியாட்கள் யார் வேண்டுமானாலும் உங்கள் நேரம் தவறு என்று கூகுளுக்குத் திருத்தம் அனுப்பலாம் என்பதால், 13ஆம் தேதி இரவும் 19ஆம் தேதி காலையும் வேறொருவர் போனில் உங்கள் கிளினிக்கைத் தேடிப் பாருங்கள்.

வாசலிலும் தரகர் உண்டு. “அந்த டாக்டர் வெளியூர் போயிட்டார், எப்ப வருவாரோ, நான் வேற இடம் கூட்டிட்டுப் போறேன்” என்று கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்கள். தேதி இல்லாமல் “டாக்டர் விடுமுறை” என்று மட்டும் தொங்கும் ஷட்டர் அவர்களுக்குத்தான் உதவும். திங்கள் காலை 9 மணி என்று எட்டத்திலிருந்தே தெரிந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. 19ஆம் தேதி கடை திறந்ததும் முதல் வேலையாக வெளிப் பிரதியைக் கிழித்துவிடுங்கள்.