யூடியூப் சேனல் உரிமை மாற்றம்: இப்போது எந்த நிலையில் இருக்கிறது, மாறிய பிறகு எது அப்படியே இருக்கும்?

கேள்வி: நண்பர் பெயரில் இருக்கும் யூடியூப் சேனலை என் கூகுள் கணக்குக்கு மாற்றுகிறோம். அவர் அனுப்பிய அழைப்பை ஏற்றுவிட்டேன், ஆனால் முதன்மை உரிமையாளர் ஆகும் வழி எங்கும் தெரியவில்லை. மாற்றம் எந்த நிலையில் இருக்கிறது? மாறிய பிறகு சப்ஸ்கிரைபர், லிங்க், வருமானம் எல்லாம் என்ன ஆகும்?

பதில்:

உங்கள் நண்பர் அந்த அழைப்பை எந்த இடத்திலிருந்து அனுப்பினார் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பது அதில்தான் இருக்கிறது. சேனலில் ஆள் சேர்க்க யூடியூபில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் உரிமை கைமாறுவது ஒன்றில் மட்டும்தான்.

ஒன்று, யூடியூப் ஸ்டூடியோவில் Settings, அதற்குள் Permissions. இது வேலையாட்களைச் சேர்ப்பதற்கான இடம். எடிட் செய்பவர், சப்டைட்டில் போடுபவர், கணக்கு வழக்கு பார்ப்பவர் என்று ஆளுக்கொரு அளவு அனுமதி கொடுக்கலாம். நண்பர் இங்கிருந்து உங்களை Manager ஆகச் சேர்த்திருந்தால் நீங்கள் வீடியோ ஏற்றலாம், லைவ் நடத்தலாம், புள்ளிவிவரம் பார்க்கலாம், ஆனால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் சேனல் உங்களுடையது ஆகாது. வாரக்கணக்கில் காத்திருந்துவிட்டு "இன்னும் மாறவில்லையே" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறார்கள்.

இன்னொன்று பிராண்ட் அக்கவுன்ட் பக்கம். `myaccount.google.com/brandaccounts` என்ற முகவரியில் இருக்கும், யூடியூபின் அக்கவுன்ட் செட்டிங்ஸில் சேனல் மேனேஜர்களைச் சேர்க்கும் இணைப்பு வழியாகவும் போகலாம். உரிமையை மாற்ற முடிவது இங்கே மட்டும்தான். பிராண்ட் அக்கவுன்ட் என்பது தனக்கென்று பாஸ்வேர்ட் இல்லாத ஒரு கணக்கு. சேனல் அதனுடன் கட்டப்பட்டிருக்கும், அதைத் திறக்கும் உரிமை சில கூகுள் கணக்குகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். அப்படிக் கொடுக்கப்பட்டவர்களில் Owner பலர் இருக்கலாம், Primary owner ஒருவர்தான். சேனல் மாற்றம் என்று நாம் சொல்வது உண்மையில் அந்த ஒருவரை மாற்றுவதுதான், சேனல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நண்பர் இந்தப் பக்கத்திலிருந்து உங்களை Owner ஆக அழைத்து, நீங்களும் ஏற்றிருந்தால் எதுவும் பழுதில்லை, ஏழு நாள் காத்திருப்பில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். Owner ஆகி 7 நாள் கடந்த பிறகுதான் ஒருவரை Primary owner ஆக்க கூகுள் விடுகிறது. யாராவது கணக்குக்குள் புகுந்து உடனே சேனலைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம் என்று நினைக்கிறேன், எரிச்சலாக இருந்தாலும் நல்ல ஏற்பாடு. இன்னொன்றும் கவனியுங்கள்: நீங்கள் தேடும் வழி உங்கள் திரையில் வரவே வராது. காத்திருப்பு முடிந்ததும் நண்பர்தான் அவருடைய கணக்கில் நுழைந்து, Manage permissions பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் பொறுப்பை Primary owner என்று மாற்றி உறுதி செய்ய வேண்டும். எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் பக்கம் எதுவும் கிடையாது, அந்தப் பட்டியலில் யார் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் நிலவரம்.

உதாரணமாக, நீங்கள் அழைப்பை 3ஆம் தேதி மாலை ஏற்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10ஆம் தேதி மாலை வரை நண்பரால் உங்களை Owner ஆகத்தான் வைத்திருக்க முடியும். 11ஆம் தேதி அவர் மாற்றிப் பார்க்கலாம். இடையில் உங்களை நீக்கிவிட்டு மறுபடி அழைத்துப் பார்ப்போமே என்று செய்தீர்கள் என்றால் நாள் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும், அதனால் கையை வைக்காமல் விட்டுவிடுங்கள்.

நண்பர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஆள் சேர்க்கவே விடாமல் ஸ்டூடியோவுக்குத் திருப்பி அனுப்புகிறது என்றால், சேனலில் ஸ்டூடியோ வழி அனுமதிகள் இயக்கத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். ஸ்டூடியோவின் Permissions பகுதியில் அதிலிருந்து விலகிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கும், விலகிய பிறகு பிராண்ட் அக்கவுன்ட் பக்கம் வேலை செய்யும். ஆனால் ஸ்டூடியோ வழியாகச் சேர்ந்திருந்த எடிட்டர் போன்றவர்களின் அனுமதி அப்போது போய்விடும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதி வேலையில் இருப்பவர் திடீரென்று வெளியே நிற்க வேண்டாம்.

அடுத்து, சேனல் பிராண்ட் அக்கவுன்டிலேயே இல்லாமல் நண்பரின் சொந்த ஜிமெயில் கணக்கோடு நேரடியாக ஒட்டியிருந்தால்? அப்போது அதை அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்க வழியில்லை. `youtube.com/account_advanced` பக்கத்தில் சேனலை ஒரு பிராண்ட் அக்கவுன்டுக்கு நகர்த்தும் இணைப்பு இருக்கும், முதலில் அவர் அதைச் செய்துவிட்டு, அப்புறம்தான் மேலே சொன்ன அழைப்பு, காத்திருப்பு எல்லாம். இந்த நகர்த்தலில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. போய்ச் சேரும் பிராண்ட் அக்கவுன்டில் ஏற்கெனவே ஒரு சேனல் இருந்தால், பழைய சேனல் வந்து அதன் இடத்தைப் பிடிக்கும், அங்கே இருந்தது வீடியோ, பிளேலிஸ்ட், கமென்ட் எல்லாவற்றோடும் நிரந்தரமாக அழியும். இரண்டு சேனலும் ஒன்றாகச் சேரும், சப்ஸ்கிரைபர்கள் கூடுவார்கள் என்று நம்பி அழுத்துபவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒரு வசதியே யூடியூபில் இல்லை. சேனலை நீக்கப் போகிறோம் என்று புரிந்துகொண்டதாக டிக் போடச் சொல்லி எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கை வந்தால், எந்தச் சேனலின் பெயர் அதில் இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து படித்துவிட்டு மட்டும் தொடருங்கள். இந்த வகை நகர்த்தலில் அவர் பழைய அடையாளத்தில் எழுதிய கமென்ட்களும் கூட வராது. சேனலின் பெயர் சரியாக இருக்கிறதா என்றும் முடிந்தவுடன் பாருங்கள்.

சரி, நீங்கள் Primary owner ஆகிவிட்டீர்கள். பார்வையாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. சேனலின் முகவரி, @ போட்டு வரும் பெயர், UC என்று தொடங்கும் அடையாள எண், வீடியோக்கள், பார்வைகள், பார்வை நேரம், சப்ஸ்கிரைபர்கள், வீடியோக்களின் கீழே வந்த கமென்ட்கள், பிளேலிஸ்ட்கள் எல்லாம் அப்படியே இருக்கும், ஏனென்றால் அவை சேனலைச் சேர்ந்தவை, திறக்கிற ஆளைச் சேர்ந்தவை அல்ல. பழைய காப்புரிமை ஸ்டிரைக் ஏதாவது இருந்தால் அதுவும் அதே காரணத்தால் உங்களோடு வரும், வாங்கும் முன் ஸ்டூடியோவில் பார்த்துவிடுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் நீங்கள் பார்த்த வீடியோக்களின் வரலாறோ, நீங்கள் பின்தொடரும் சேனல்களோ இதில் கலக்காது.

மாறாமல் நின்றுவிடும் முக்கியமான விஷயம் பணம். சேனலோடு இணைத்த ஆட்சென்ஸ் கணக்கு நண்பருடையது, நீங்கள் Primary owner ஆன பிறகும் அது அவருடையதாகவே இணைந்திருக்கும், வருமானம் அவருக்கே போய்க்கொண்டிருக்கும். ஆட்சென்ஸ் கணக்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது, பெறுபவர் பெயர், முகவரி, வரி விவரம் எல்லாம் அந்த நபருக்கானவை. ஆகவே ஸ்டூடியோவின் Earn பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் ஆட்சென்ஸை மாற்றி உங்களுடையதை இணைக்க வேண்டும். ஏற்கெனவே உங்களுக்கு வலைத்தளம் எதற்காவது ஆட்சென்ஸ் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஒரே ஆள் இரண்டாவது கணக்கு திறந்தால் நிராகரிக்கப்படும். புதிதாகத் திறப்பதாக இருந்தால் வரி விவரம் நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டும், இருப்பு 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்கும் பின் எண் தபாலில் வரும், அதை உள்ளிடும் வரை பணம் வராது.

இந்த இணைப்பை 32 நாளுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். அவசரத்தில் தவறான மின்னஞ்சலில் இருக்கும் ஆட்சென்ஸை இணைத்துவிட்டால் ஒரு மாதத்துக்கு மேல் அதோடுதான் இருக்க வேண்டும். நண்பர் சமீபத்தில் இணைப்பை மாற்றியிருந்தாலும் இந்தக் கெடு உங்களையும் தடுக்கும், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே நண்பரின் ஆட்சென்ஸ் கணக்கில் சேர்ந்துவிட்ட தொகையும் சேனலோடு வராது. ஒரு மாத வருமானம் அடுத்த மாதம் 7ஆம் தேதியிலிருந்து 12ஆம் தேதிக்குள் இறுதியாகி ஆட்சென்ஸில் ஏறும், 100 டாலர் வரம்பைத் தாண்டியிருந்தால் 21ஆம் தேதியிலிருந்து 26ஆம் தேதிக்குள் அனுப்பப்படும். மேலே சொன்ன உதாரணத்தில் நீங்கள் 11ஆம் தேதி உரிமையாளர் ஆகிறீர்கள், அந்த நேரத்தில் போன மாதக் காசு அவர் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும், அது அவருக்குத்தான் கிடைக்கும். போன மாதம் அவருடையது என்பதில் சண்டை வராது, மாற்றம் நடக்கும் மாதத்துக்குத்தான் வரும். அந்த மாத வருமானம் யாருக்கு, தவறி மற்றவர் கணக்கில் ஏறினால் எப்போது திருப்பித் தருவது என்று இரண்டே வரியில் மின்னஞ்சலில் எழுதி இருவரும் சரி என்று பதில் போட்டுவிடுங்கள்.

பார்ட்னர் திட்டத்தில் உள்ள சேனல் என்றால் உங்கள் கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தாக வேண்டும், 2021 நவம்பர் முதல் ஸ்டூடியோவுக்குள் நுழைய அது கட்டாயம். நண்பர் இதையெல்லாம் வைத்திருக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள், அவருடையது அவர் கணக்கைத்தான் காக்கும்.

சிலர் இவ்வளவு அலைச்சல் எதற்கு, ஜிமெயில் பாஸ்வேர்டையே கொடுத்துவிடச் சொல்லலாமே என்று யோசனை சொல்வார்கள். வேண்டாம். அந்தக் கணக்கின் மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் அவருடையவை, எந்த நாளும் அவர் பக்கம் திரும்பிப் போய்விடக்கூடிய கணக்கில் உங்கள் உழைப்பைப் போட வேண்டியிருக்கும்.

உங்கள் பெயர் Primary owner என்று ஆனதும் நண்பர் பட்டியலிலிருந்து தானாகப் போய்விட மாட்டார். லைவ் விடும் மென்பொருள், வீடியோவை நேரம் வைத்து வெளியிடும் செயலி போன்றவை அவர் கணக்கு கொடுத்த அனுமதியில் ஓடிக்கொண்டிருக்கலாம், அவரை நீக்கிய நொடியில் அவை நின்றுவிடும். அதனால் முதலில் அந்தச் செயலிகளை உங்கள் கணக்கில் நுழைந்து மறுபடி இணையுங்கள், ஸ்ட்ரீம் கீயைப் புதிதாக மாற்றுங்கள், ஆட்சென்ஸ் இணைப்பு உங்கள் பெயரில் வந்ததை ஸ்டூடியோவில் உறுதி செய்யுங்கள், அதன் பிறகு அவரை நீக்குங்கள். அவரே தொடர்ந்து எடிட் செய்து தரப்போகிறார் என்றால் Owner ஆக வைத்திருக்காமல் ஸ்டூடியோ வழியாக Editor ஆகச் சேர்த்தால் போதும், வருமானப் பக்கத்தையும் பார்க்க வேண்டாம் என்றால் Editor (limited).